ஒருவர் விடும் வேலையை மற்றவர்கள் சுமக்கும்போது: சக ஊழியர் முன்னுள்ள ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

ஐந்து பேர் கொண்ட ஒரு டீம். ஒருவர் தன் பங்கைப் பாதியில் விடுகிறார், மற்ற நால்வரும் அதை இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். கெடுவுக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் மேனேஜருக்கு எதுவும் தெரிவதில்லை. நால்வருக்குள் மட்டும் இடைவேளையெல்லாம் இதே பேச்சு. "ஓ.பி. அடிக்கிறார்" என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. சம்பந்தப்பட்டவரிடம்தான் இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் செய்யக்கூடியவை ஐந்து. பேசாமல் தொடர்ந்து சுமப்பது, சொல்லாமல் கையை எடுத்துவிடுவது, அவரிடம் தனியாகப் பேசுவது, டீம் கூட்டத்தில் வேலைப் பங்கீட்டுப் பிரச்சினையாக எழுப்புவது, மேனேஜரிடம் போவது. மற்றதெல்லாம் இவற்றின் கலவைதான். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் எடை போடலாம். நம் கணிப்பு தவறாக இருந்தால் அதன் விலையை யார் கொடுப்பார்? எடுத்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா? நியாயம் என்று இங்கே சொல்வது இந்த இரண்டையும்தான். அவரிடம் மென்மையாக நடந்துகொள்வது வேறு விஷயம்.

ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது கணக்கு.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் ஒரு டீமை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. நான்கு வாரத்தில் மொத்தம் 200 புகார்கள் முடிந்திருக்கின்றன. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 40. ஒருவர் முடித்தது 20, மற்ற நால்வரும் சேர்ந்து 180. இதைப் பார்த்ததும் "நம்மில் பாதிகூடச் செய்வதில்லை" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இப்போது புகார்களை இரண்டு வகையாகப் பிரியுங்கள். எளிய புகாருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, சிக்கலான புகாருக்கு மூன்று மணி நேரம். 200-இல் 30 சிக்கலானவை. அந்த 30-இல் 8 இவர் முடித்தவை. ஆக இவருடைய 20 புகார்களில் 12 எளியவை, 12 மணி நேரம். 8 சிக்கலானவை, 24 மணி நேரம். மொத்தம் 36 மணி. மற்ற நால்வரின் 180-இல் 158 எளியவை, 22 சிக்கலானவை. 158-உம் 66-உம் சேர்ந்து 224 மணி. டீம் முழுவதற்கும் 260 மணி, ஆளுக்கு 52. இவர் செய்தது 36. ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. எண்ணிக்கையில் பாதியாகத் தெரிந்தது, நேரத்தில் பார்த்தால் பாதி இல்லை. குறைவு இருக்கிறது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

அடுத்து, குறைந்த 16 மணி எங்கே போனது என்று தேடுங்கள். பணிப் பட்டியலில் யார் பெயரில் ஒதுக்கப்பட்டது என்று ஒரு கட்டமும், யார் முடித்தார் என்று ஒரு கட்டமும் இருக்கும். இரண்டு கட்டத்திலும் பெயர் மாறியிருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டினால் விடை கிடைக்கும். இந்த டீமில் அப்படி 16 வரிகள். இவர் பெயரில் ஒதுக்கப்பட்டு மற்றவர்கள் முடித்த எளிய புகார்கள் அவை. 36-உடன் 16 சேர்த்தால் 52. அதாவது வேலையைப் பிரித்துக் கொடுத்தது சரியாகவே இருந்திருக்கிறது, கை மாறியதில்தான் கோளாறு. அந்த 16-இல் 11 புகார்கள் கெடு நாளன்று கை மாறியிருக்கின்றன. இன்னொன்றும் தெரிகிறது. 16-இல் 13 புகார்கள் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டியவை.

இந்தக் கடைசி இரண்டு எண்கள் முதலில் பார்த்த 20-க்கும் 40-க்கும் மேலான மதிப்புள்ளவை. நால்வருக்கும் கூடுதலாக விழுந்தது நான்கு வாரத்தில் ஆளுக்கு நான்கு மணி, வாரம் ஒரு மணி. அந்த ஒரு மணி நேரம் மட்டுமே ஒருவரை இவ்வளவு எரிச்சல்படுத்தாது. கெடு நாளன்று, தன் சொந்த வேலையின் நடுவே, முன்னறிவிப்பில்லாமல் தலையில் வந்து விழுவதுதான் எரிகிறது. பேச வேண்டியது அதைப் பற்றி. "நீங்கள் பாதி வேலைதான் செய்கிறீர்கள்" என்று ஆரம்பித்திருந்தால், "சிக்கலான புகாரில் எட்டு என்னுடையது, உங்களில் யார் எட்டு செய்தீர்கள்?" என்று அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

கணக்கில் வராத வேலையையும் தேட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, வேறு பிரிவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, மேனேஜர் தனியாகக் கேட்ட அறிக்கையைத் தயாரிப்பது இவையெல்லாம் புகார்ப் பட்டியலில் ஏறாது. நம்முடைய பங்கை நாமே மதிப்பிடும்போதும் கொஞ்சம் சந்தேகம் தேவை. மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் கணவன் மனைவி இருவரையும் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒருவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சாய்வு நான்கு மடங்காகி, ஒருமித்த கருத்து போலத் தோற்றம் தரும். ஆகவே நினைவை நம்பாதீர்கள், பட்டியலை நம்புங்கள்.

எவ்வளவு காலத்துக்குப் பார்ப்பது? ஒரு வாரம் போதாது. யாருக்கும் ஒரு மோசமான வாரம் வரலாம். நான்கு வாரம் நல்ல அளவு. மூன்று மாதம் காத்திருந்தால் எண்கள் உறுதியாக இருக்கும், ஆனால் அதற்குள் கசப்பு முற்றியிருக்கும். பார்ப்பது என்றால் ஏற்கெனவே எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியலைப் பார்ப்பதுதான். அவர் எத்தனை மணிக்கு எழுந்து போகிறார், எவ்வளவு நேரம் போனில் இருக்கிறார் என்று குறித்து வைப்பது உளவு. அந்தக் குறிப்பு ஒருநாள் வெளியே வந்தால் நியாயம் முழுவதும் அவர் பக்கம் போய்விடும்.

வழி ஒன்றும் இரண்டும்: சுமப்பது, கைவிடுவது

பேசாமல் சுமப்பது நல்ல மனசு போலத் தெரியும். ஒரு குறுகிய காலத்துக்கு, காரணம் தெரிந்திருந்தால், அது சரியும்கூட. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை, இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே கேட்டால் யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை. முடிவு நாள் தெரியாமல் சுமப்பதுதான் ஆபத்து. கெடுவுக்குள் வேலை முடிந்துவிடுவதால் குறை வெளியே தெரியாது. தெரியாததை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். அவருக்கே கூடத் தெரியாமல் போகலாம். "எப்படியோ முடிந்துவிடுகிறது" என்பதுதான் அவர் பார்க்கும் உலகம்.

கூட்டாகச் செய்யும் வேலையில் தனி ஆளின் முயற்சி குறைவது மிகப் பழைய கண்டுபிடிப்பு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவை 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் தரும் விசையை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 49 தான் வந்தது. எட்டுப் பேரும் ஒரே கணத்தில் இழுக்காதது அதற்கு ஒரு பகுதிக் காரணம். பிப் லாட்டனே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீவன் ஹார்கின்ஸ் மூவரும் 1979-இல் கைதட்டலையும் கத்தலையும் வைத்துச் செய்த சோதனைகள் மிச்சப் பகுதியைக் காட்டின. மற்றவர்களும் தன்னோடு சேர்ந்து கத்துகிறார்கள் என்று நம்பவைத்தாலே போதும், உண்மையில் தனியாகக் கத்தும் ஒருவர் குறைவாகவே கத்தினார். தன் பங்கு தனியாகத் தெரியும் என்று அறிந்தால் இந்தச் சரிவு பெருமளவு மறைகிறது என்பது பின்னர் வந்த சோதனைகளில் தெரிந்தது. நம் டீமில் நால்வர் ஓசையில்லாமல் சுமக்கும்போது அவர்கள் அழிப்பது அந்தத் தனி அடையாளத்தைத்தான்.

சுமப்பதன் இன்னொரு விளைவு சுமப்பவரிடமே நடக்கிறது. நார்பர்ட் கெர் 1983-இல் செய்த சோதனைகளில், திறமை இருந்தும் உழைக்காத ஒரு கூட்டாளியோடு சேர்த்துவிடப்பட்டவர்கள் தாங்களும் முயற்சியைக் குறைத்துக்கொண்டார்கள். தான் ஏமாளியாகிவிடக் கூடாது என்ற எண்ணம் வெற்றியைவிடப் பலமாக இருந்தது. கூட்டாளிக்குத் திறமையே இல்லை என்று தெரிந்தபோது அந்த அளவுக்கு அது நடக்கவில்லை. ஆகவே நம் கோபத்தின் அளவை நிர்ணயிப்பது "அவரால் முடியவில்லையா, அவர் செய்ய விரும்பவில்லையா" என்று நாம் ஊகிப்பதுதான். அந்த ஊகத்தைச் சரிபார்க்காமல் நடப்பதே இந்த விவகாரத்தில் அநியாயத்தின் ஊற்றுக்கண்.

சொல்லாமல் கையை எடுத்துவிடுவது, அதாவது "கெடு தவறட்டும், அப்போது தெரியும்" என்று விடுவது, ஒன்றாம் வழியின் சலிப்பிலிருந்து பிறக்கிறது. உரிய நேரத்தில் பதில் கிடைக்காத வாடிக்கையாளர்தான் முதலில் அடிபடுகிறார். அடுத்து டீமின் பெயர். நம் கணிப்பு தவறாக இருந்தால், உதாரணமாக அவர் உடல்நிலை காரணமாக மேனேஜரிடம் சொல்லிக் குறைந்த வேலை வாங்கியிருந்தால், காலை வாரிவிட்டவர்கள் நாமாகிவிடுவோம். ஆனால் இதே காரியத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் அது வேறு பொருளாகிறது. "அடுத்த திங்களிலிருந்து கெடு நாளன்று மதியத்துக்கு மேல் என்னால் எடுக்க முடியாது, எடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்" என்று சொல்வது தண்டனை அல்ல, எல்லை. அது தனிப்பேச்சின் ஒரு பகுதியாக வர வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

வழி மூன்று: தனியாகப் பேசுவது

எங்கள் தேர்வு இதுதான், பெரும்பாலான சூழலில் முதல் அடியும் இதுவே. கணிப்பு தவறானால் விலை ஒரு சங்கடமான இருபது நிமிடம், அதையும் பேசப் போனவரே கொடுக்கிறார். அவருடைய பெயருக்குச் சேதமில்லை. அடுத்த எல்லா வழிகளும் அதன் பின்னும் திறந்தே இருக்கும். தலைகீழாகப் போனால் அப்படி இல்லை. மேனேஜரிடம் போய்விட்டு அதன்பிறகு தனியாகப் பேச வருபவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

யார் பேசுவது? ஒரே ஒருவர். மூன்று பேர் சேர்ந்து போனால் அது விசாரணை. அந்த 16-இல் சிலவற்றைத் தானே முடித்தவராக இருக்க வேண்டும். அப்போதுதான் "எனக்கு இது நடந்தது" என்று பேச முடியும். அவரோடு ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியில் இருப்பவர் போகக் கூடாது, எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். அவருடைய நெருங்கிய நண்பரும் சரிவர மாட்டார். நட்பைக் காப்பாற்றும் அவசரத்தில் விஷயத்தை மழுப்பிவிடுவார். மற்ற மூவரும் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பேச்சு நடந்து இரண்டு வாரம் வரை இதைப் பற்றித் தங்களுக்குள் பேசுவதை நிறுத்துவது. இதைச் செய்யாவிட்டால், பேச்சில் கிடைத்த சமாதானத்தை இடைவேளைப் பேச்சு கரைத்துவிடும்.

நேரம், வார ஆரம்பம். கெடு நாள் வேண்டாம், கோபம் சூடாக இருக்கும். வாரக் கடைசி மாலையும் வேண்டாம், இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். மெசேஜில் சொல்லவே கூடாது. எழுத்தில் குரல் இல்லை, ஸ்கிரீன்ஷாட் உண்டு. "ஒரு இருபது நிமிஷம் பேசணும், புகார் கை மாறுறது பத்தி" என்று விஷயத்தையும் சேர்த்தே அழையுங்கள். "கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் சொன்னால், என்னவோ என்று பதறி, சண்டைக்குத் தயாராகி வருவார்.

பேச்சின் முதல் அரை நிமிடத்தில் மூன்று விஷயம் வர வேண்டும்: எப்போது, என்ன நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆனது. நம் டீமின் கணக்கை வைத்துச் சொன்னால் இப்படி இருக்கும்:

"போன நாலு வாரத்துல உங்க பேர்ல இருந்த 16 புகாரை நாங்க முடிச்சிருக்கோம். அதுல 11 கெடு நாள் அன்னிக்குத்தான் எங்க கைக்கு வந்துச்சு. அன்னைக்கு என் சொந்த வேலை அப்படியே நின்னுடுது, ரெண்டு தடவை நேரம் தாண்டி உட்கார்ந்தேன். சிக்கலான புகார்ல எங்களைவிட நீங்க அதிகமா எடுத்திருக்கீங்க, அதுவும் பார்த்தேன். உங்க பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

இதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அமைதி பத்து நொடி நீடித்தாலும் நிரப்பக் கூடாது. நிரப்பினால் நாமே அவருக்கு ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்துவிடுவோம், "வேலை அதிகமோ?" என்று, அவரும் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார், உண்மைக் காரணம் உள்ளேயே கிடக்கும். சிக்கலான புகார்களைக் குறிப்பிட்டது தேன் தடவுவதற்காக அல்ல. அது கணக்கில் இருக்கும் உண்மை, அவர் சொல்லும் முன் நாமே சொன்னால் கணக்கு ஒருதலையானது அல்ல என்பது அவருக்குப் புரியும்.

பேச்சைக் கெடுக்கும் சொற்கள் சில உண்டு. "எப்பவுமே" என்றால் அவர் ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி முழுவதையும் தள்ளிவிடுவார். "எல்லாரும் சொல்றாங்க" என்றால் அவர் கவனம் யார் யார் என்பதில் போய்விடும், அடுத்த இருபது நிமிடமும் அதில்தான் கழியும். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. குணத்தை இரண்டு வாரத்தில் மாற்றிக் காட்ட யாராலும் முடியாது, கெடு நாளுக்கு முன் சொல்வதை மாற்ற முடியும். ஜாடைமாடையாகப் பேசுவதும் உதவாது. டீம் குரூப்பில் "சிலர் மட்டும் உழைத்தால் போதுமா" என்று போடுவதைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: குற்றவுணர்வு அதிகம் உள்ள, நன்றாக வேலை செய்பவர்தான் அதைத் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வார்.

பதில் எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பொறுத்து அடுத்த அடி மாறும். ஜெஃப்ரி லெபைன், லின் வான் டைன் இருவரும் 2001-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை அழகாக வகுக்கிறது. பின்தங்கும் சகாவுக்கு மற்றவர்கள் நான்கு விதமாக எதிர்வினை செய்வார்கள்: அவர் வேலையைத் தாமே செய்வது, கற்றுக்கொடுப்பது, ஊக்கப்படுத்துவது, ஒதுக்கித் தள்ளுவது. எது வரும் என்பது காரணம் எது என்று நாம் நம்புவதைப் பொறுத்தது. ஆகவே முதலில் காரணத்தைக் கேட்டுவிட்டு எதிர்வினையைத் தேர்ந்தெடுப்பதே ஒழுங்கான வரிசை.

நம் டீமில் 13 புகார்கள் தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டவை என்று பார்த்தோம். அதைப் பற்றிக் கேட்டபோது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரோடு போனில் பேசுவது தனக்குப் பெரும் பதற்றம் என்றும், தள்ளித் தள்ளிப் போட்டுக் கெடு நாள் வந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னால், இது ஓ.பி. அல்ல. அப்போது உடன்பாடு எளிது. முதல் வாரம் மூன்று அழைப்புகளுக்கு ஒருவர் பக்கத்தில் உட்காருவது. மற்றபடி அவர் இரண்டு சிக்கலான எழுத்துப் புகார்களை எடுத்துக்கொண்டு ஆறு அழைப்புப் புகார்களைக் கொடுப்பது. இரண்டு சிக்கலானவை ஆறு மணி, ஆறு எளியவையும் ஆறு மணி, கணக்கு சமம். அழைப்பே எடுக்காமல் தப்பிக்கும் ஏற்பாடாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதை முடிவு செய்யும் அதிகாரம் மேனேஜருக்குத்தான் உண்டு.

அவர் உடல்நிலையையோ குடும்பச் சிக்கலையோ சொன்னால், அது உங்களோடு நிற்க வேண்டும். மற்ற மூவரும் கேட்கும்போது "பேசியாச்சு, இரண்டு வாரம் பார்ப்போம்" என்பதோடு நிறுத்துங்கள். "பாவம், அவருக்கு..." என்று ஆரம்பிப்பது நல்லெண்ணத்தில் செய்யும் துரோகம். மேனேஜரிடம் அவரே சொல்லி வேலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று மட்டும் எடுத்துச் சொல்லலாம். பல இடங்களில் அதற்கென முறையான ஏற்பாடு உண்டு, சகாக்களால் அதைத் தர முடியாது.

மறுத்தால்? "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்களாவே எடுத்துக்கிட்டீங்க" என்று வரலாம். இதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். யாராவது அவரைக் கேட்காமலே எடுத்திருக்கலாம். வாதாட வேண்டாம். "சரி, இனிமே நீங்க கேட்டாத்தான் எடுப்போம், கெடுவுக்கு முந்தின நாளே கேளுங்க" என்று எல்லையாக மாற்றிவிடுங்கள். எதிர்த்தாக்குதல் வந்தால், "நீ மட்டும் ஒழுங்கா?" என்றால், உங்கள் குறையையும் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அதே 16-க்குத் திரும்புங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் பேச்சு எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு ஏற்பாட்டோடு முடிய வேண்டும். "இனிமே பார்த்துக்கறேன்" என்பது ஏற்பாடு இல்லை. "முடிக்க முடியாத புகாரைக் கெடுவுக்கு முந்தின நாள் மதியத்துக்குள் சொல்வேன், இரண்டு வாரம் கழித்துத் திங்கள்கிழமை பத்து நிமிஷம் மறுபடி பார்ப்போம்" என்பது ஏற்பாடு. இரண்டு வாரத்தில் இரண்டு கெடு நாள் வரும். கெடு நாளன்று கை மாறியவை முன்பு வாரத்துக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஒன்றோ பூஜ்யமோ ஆனால் நகர்கிறது. மூன்றாகவே இருந்தால் நகரவில்லை. இதில் ஒரு பொறி உண்டு: முதல் வாரம் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். இரண்டாவது வாரத்தைப் பாருங்கள்.

வழி நான்கு: டீம் கூட்டத்தில்

வேலை எப்படிப் பிரிகிறது என்பதிலேயே கோளாறு இருந்தால் இது மிகச் சரியான இடம். யார் என்ன செய்கிறார்கள் என்று பட்டியலே இல்லாத டீமில் முதல் அடியாகவே இதை எடுக்கலாம், ஏனென்றால் அங்கே தனிப்பேச்சுக்கு ஆதாரமே இருக்காது. கேட்க வேண்டியது: ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், கெடு, கை மாறினால் மாறிய தேதி. கூடவே சிக்கலான புகாரை மூன்றாக எண்ணும் எடை. இது வந்துவிட்டால் ஒருவரையும் சுட்டாமலே பங்கு தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் ஒருவரைப் பற்றிய பிரச்சினையை "பொதுவான பங்கீடு" என்று வேஷம் போட்டுக் கொண்டுவருவது நேர்மையில்லை. அறையில் இருக்கும் அனைவருக்கும் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும், அவருக்கும் தெரியும், பெயர் சொல்லாததால் அவரால் பதிலும் சொல்ல முடியாது. தனியாகப் பேசி, "பட்டியல் முறையைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன்" என்று அவருக்கு முன்பே தெரிவித்த பிறகு கொண்டுவந்தால் மட்டுமே இந்த வழி சுத்தமானது.

வழி ஐந்து: மேனேஜரிடம்

போட்டுக் கொடுப்பது என்ற பட்டத்துக்குப் பயந்து பலர் இதைக் கடைசிவரை தள்ளுகிறார்கள். சிலர் முதல் நாளே ஓடுகிறார்கள். அந்தப் பட்டம் வருமா வராதா என்பது பெரும்பாலும் ஒன்றைப் பொறுத்தது: நீங்கள் போகப்போவது அவருக்கு முன்பே தெரியுமா? "ரெண்டு வாரம் பார்த்தோம், மாறல. அடுத்தது நான் மேனேஜர்கிட்ட வேலைப் பங்கீட்டைப் பத்திப் பேசப் போறேன். நீங்களும் வர்றதா இருந்தா சேர்ந்தே போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் கோபப்படலாம், ஆனால் முதுகில் குத்தியதாகச் சொல்ல முடியாது. சிலர் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் தாங்களே முந்திக்கொண்டு போய்ப் பேசுவார்கள். அதுவே நல்ல முடிவு.

எடுத்துப் போவது ஒரு பக்கத் தாள். கை மாறிய புகார்களும் தேதிகளும், டீம் அதற்குச் செலவிட்ட நேரம், எப்போது தனியாகப் பேசினோம், என்ன ஏற்பாடு செய்தோம், என்ன ஆனது. இதற்கு மேல் வேண்டாம். காரணம் என்று நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள், அவர் தனியாகச் சொன்னதை எழுதவே எழுதாதீர்கள். கேட்பது தண்டனையை அல்ல, முடிவை: "இந்த வேலை யாருடையது? நாங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்றால் எங்களிடமிருந்து எதைக் குறைப்பீர்கள்?" மொட்டைக் கடிதம் வேண்டாம். சரிபார்க்க வழியில்லாததால் நல்ல மேனேஜர் அதை ஒதுக்கிவிடுவார், மோசமான மேனேஜர் டீம் முழுவதையும் சந்தேகிப்பார்.

அதன்பின் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லப்படாமல் இருக்கலாம். ஒருவரின் மதிப்பீட்டையோ உடல்நிலையையோ மேனேஜர் மற்றவரிடம் பேசக் கூடாது என்பதால் அது இயல்பு. "எனக்குத் தெரியும், ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்ற பதில் கிடைத்தால், குறைந்த வேலை முன்பே அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் உங்கள் கேள்வி செல்லுபடியாகும்: அந்த 16 மணி நேரத்தை நால்வர் எங்கிருந்து எடுப்பது?

மற்றெல்லா வழியையும் தாண்டி நேராக இங்கே வர வேண்டிய சூழல்களும் உண்டு. செய்யாத வேலையைச் செய்ததாகப் பட்டியலில் பதிவது, யாருடைய பாதுகாப்பாவது கெடுவது, பேசப் போனவரை மிரட்டுவது, அவர் உங்களைவிட மேலதிகாரம் உள்ளவராக இருப்பது. இவற்றில் தனிப்பேச்சு நியாயத்தைக் கூட்டாது, ஆதாரம் மறைய நேரம் கொடுக்கும்.

மேனேஜரும் அசையவில்லை என்றால் அந்தச் சக ஊழியரைப் பற்றிய பேச்சை அங்கே நிறுத்திவிட்டு உங்கள் வேலையைப் பற்றிய பேச்சாக மாற்றுங்கள். ஒவ்வொரு வாரமும் திங்களன்று, உங்கள் கையில் இருக்கும் புகார்கள், அவற்றுக்கான மணி நேரம், கெடு மூன்றையும் எழுதி அனுப்பி, புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால் பட்டியலில் எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பழைய வரிசைப்படியே வேலை செய்யுங்கள். அப்போது கெடு தவறினால் அது ஒளித்து வைத்த தவறாக இருக்காது; எது முதலில் என்று முடிவு செய்ய வேண்டியவர் முன் தேதியோடு இருக்கும்.